பெயரைச் சொல்லி வரையச் சொல்லும்போது

லாஸ் ஏஞ்சலிஸில் வாழும் ஹாலி மெங்கர்ட், குழந்தைகள் புத்தகங்களுக்கும் டிஸ்னி போன்ற நிறுவனங்களுக்கும் படம் வரைபவர். உருண்டை முகம், மென்மையான நிறம், ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ இருக்கும் பிள்ளைகள் என்று அவருடைய படங்களைத் தனியாக அடையாளம் காணலாம். 2022ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவருக்குத் தெரியாமலேயே அவருடைய பெயரில் ஒரு கருவி இணையத்தில் வெளியானது. கனடாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு பொறியியல் மாணவர் அவருடைய 32 படங்களை எடுத்து, ‘ஸ்டேபிள் டிஃப்யூஷன்’ என்ற படமாக்கும் மென்பொருளுக்குக் கூடுதல் பயிற்சியாகக் கொடுத்திருந்தார். வாடகைக்கு எடுத்த கணினியில் இரண்டரை மணி நேரம் ஓடியது. செலவு இரண்டு டாலருக்கும் குறைவு. அதன்பின் யார் வேண்டுமானாலும் அந்த மாதிரியை இலவசமாக இறக்கி, எதை வேண்டுமானாலும் மெங்கர்ட் பாணியில் வரையச் சொல்ல முடிந்தது.

செய்தியாளர் ஒருவர் இரு தரப்பினரிடமும் பேசினார். மாணவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. தொழில்நுட்பம் எதுவரை போகும் என்று பார்க்கும் ஆர்வம்தான் அவருக்கு. மெங்கர்ட் சொன்னவற்றில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று, தன்னை அதிகம் உறுத்துவது அந்தக் கருவியோடு தன் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் என்றார். இரண்டு, அந்த 32 படங்களில் சிலவற்றின் உரிமை அவரிடம் இல்லை. பணம் கொடுத்து வரையச் சொன்ன நிறுவனங்களிடம் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டிருந்தாலும், விரும்பியிருந்தாலும், அவற்றுக்கு அவரால் சம்மதம் தந்திருக்க முடியாது.

இன்று யார் கையில் இருக்கும் கைபேசியிலும் இந்த வேலை நொடிகளில் முடிகிறது. குடும்பப் புகைப்படத்தை ஏற்றி, ‘இன்னார் வரைந்ததுபோல் மாற்று’ என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ‘இன்னார்’ நம்மோடு வாழ்கிறவர், இன்றும் வரைந்து சம்பாதிக்கிறவர் என்றால், நாம் அவரிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்கிறோமா? இதற்கு விடை தேட, அந்த ஒரு வரி கருவிக்குள் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

புகைப்படத்தை ஓவியமாக்கும் முயற்சி புதிதல்ல. 2015இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகர ஆய்வாளர்கள் மூவர், தங்கள் ஊரின் நெக்கர் ஆற்றங்கரை வீடுகளின் புகைப்படத்தை வான் கோ, டர்னர், மூங்க் ஆகியோரின் ஓவியங்களைப்போல் மாற்றிக் காட்டினார்கள். அந்த முறையில் புகைப்படம் ஒன்று, ஓவியம் ஒன்று என்று இரண்டையும் நாமே கொடுக்க வேண்டும். கணினி அந்த ஒற்றை ஓவியத்தின் நிறத்தையும் தூரிகை இழைகளையும் எடுத்துப் புகைப்படத்தின்மேல் பூசும். எந்த ஓவியம் பயன்பட்டது என்பதில் ஐயமே இருக்காது. அவர்கள் எடுத்துக்கொண்ட ஓவியர்களும் எப்போதோ மறைந்தவர்கள்.

ஏழு ஆண்டுகளில் முறை அடியோடு மாறியது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை இணையத்திலிருந்து திரட்டிய படங்களோடு, அவற்றின் அருகே எழுதப்பட்டிருந்த வரிகளையும் சேர்த்துப் படித்தவை. ‘லயான்-5பி’ என்ற தொகுப்பில் மட்டும் 585 கோடி படம்-வரி இணைகள் உண்டு. ஒரு படத்தின் அருகே ஓவியரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பெயரும் அப்படங்களில் பொதுவாக இருக்கும் ஒளி, நிறம், கோடு, அமைப்பு ஆகியவையும் கருவிக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. பிறகு அந்தப் பெயரை எழுதினால் அந்த முடிச்சு இழுபடுகிறது. இப்போது எந்த ஓவியத்தையும் நாம் கொடுக்க வேண்டியதில்லை. ஒருவரின் பெயரே அவருடைய உழைப்பு முழுவதற்கும் சாவியாகிவிட்டது.

போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கிக்கு இது எப்படி நேர்ந்தது என்பது எனக்கு மனம் கனக்கும் கதை. டிராகன்கள், போர்க்களங்கள், புகைக்கு நடுவே ஒளிரும் வானம் என்று பழைய ஐரோப்பிய எண்ணெய் ஓவிய மரபில், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, ‘மேஜிக்: தி கேதரிங்’ போன்ற விளையாட்டுகளுக்கு வரைபவர் அவர். 2022 செப்டம்பரில் ஒரு தேடல் தளத்தின் கணக்குப்படி, படம் கேட்டு எழுதப்பட்ட கட்டளைகளில் அவருடைய பெயர் சுமார் 93,000 முறை வந்திருந்தது. பிக்காசோவின் பெயர் 2,000 முறை அளவுக்குக்கூட வரவில்லை. அவர் இணையத்தில் படங்களை ஏற்றும்போது, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் விவரமாக எழுதுவது வழக்கம். அப்படிப்பட்ட விவரங்கள் பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியே படத்தை அறிந்துகொள்ள உதவுபவை. அந்த விவரங்களே அவருடைய படங்களைக் கருவிகள் எளிதாகக் கற்றுக்கொள்ளவும் வழி செய்தன.

அடுத்து நடந்ததைத்தான் அவர் பெரிதும் வருந்திச் சொன்னார். தன் பெயரை இணையத்தில் தேடினால் தான் வரையாத படங்கள் வந்து நின்றன. புதிதாக வேலை கொடுக்க நினைக்கும் ஒருவர் தேடினாலும் அவைதான் வரும். ஓவியருக்குப் பெயர் என்பது வெறும் கையெழுத்து அல்ல, கடை வாசலும் அதுதான். அந்த வாசலில் வேறு யாரோ ஆயிரக்கணக்கில் படங்களைக் குவித்துவிட்டால் உள்ளே இருப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

2022 நவம்பரில் ஸ்டேபிள் டிஃப்யூஷனின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, சொற்களைப் புரிந்துகொள்ளும் அதன் உள்பகுதி மாற்றப்பட்டிருந்தது. ஓவியர்களின் பெயர்கள் முன்புபோல் வேலை செய்யவில்லை. பயனர்கள் பலர் கோபப்பட்டார்கள். பின்னர், ருட்கோவ்ஸ்கியின் பாணியைத் திரும்பக் கொண்டுவரும் சிறு துணைக்கோப்பு ஒன்றைப் பயனர்களே உருவாக்கி வெளியிட்டார்கள். மெங்கர்ட்டுக்கு நடந்ததும் இதே முறைதான். ஒரு நிறுவனம் கதவைச் சாத்தினாலும், சில டஜன் படங்களும் சில மணி நேரமும் இருந்தால் தனி ஆள் அதைத் திறந்துவிடலாம். அதனால்தான் இந்தக் கேள்வியை நிறுவனங்களின் விதிகளிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்கிறேன். கட்டளை எழுதும் கைக்கும் இதில் பங்கு உண்டு.

புகைப்படத்தை மாற்றும்போது நடப்பது இன்னும் கொஞ்சம் வேறு. கருவி உங்கள் படத்தின்மேல் புள்ளிப்புள்ளியான இரைச்சலைத் தூவி அதைக் கலைக்கிறது. பிறகு நீங்கள் எழுதிய வரியை வழிகாட்டியாக வைத்து, அந்த இரைச்சலை மெல்ல மெல்ல நீக்கிப் புதுப் படத்தை எடுக்கிறது. எவ்வளவு கலைப்பது என்பதற்கு `denoising strength` என்று ஓர் அளவு உண்டு. அது 0 முதல் 1 வரை போகும். 0.3 அளவில் வைத்தால் புகைப்படம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், மேலே லேசான பூச்சு மட்டும் தெரியும். 0.5, 0.6 அளவில் முகத்தின் அமைப்பு நிற்கும், தோலும் துணியும் ஓவியமாகும். 0.8ஐத் தாண்டினால் படத்தில் இருப்பது உங்கள் வீட்டு மனிதராக இருக்காது. இப்போது வந்திருக்கும் உரையாடல் கருவிகள் உள்ளே வேறு முறையில் இயங்குகின்றன, இந்த அளவுகளை நம்மிடம் காட்டுவதுமில்லை. ஆனால் பெயர் இழுத்துவரும் சரக்கு ஒன்றுதான்.

அந்தச் சரக்கில் பாணி மட்டும் இருப்பதில்லை. ருட்கோவ்ஸ்கியின் பெயரைச் சேர்த்தால், கேட்காமலேயே கவசமும் கோட்டையும் புகைமூட்டமும் எட்டிப்பார்க்கக்கூடும். ஏனென்றால் அவர் வரைந்தவை அவைதான். ஜப்பானிய அனிமேஷன் பாணி கேட்டால் நம் வீட்டுப் பெண்ணின் மாநிறம் வெளுத்து, மூக்கு சிறுத்துப்போகலாம். 2022 டிசம்பரில் ‘லென்சா’ என்ற செயலி செல்ஃபிகளை ஓவிய உருவப்படங்களாக்கித் தந்து உலகெங்கும் பரவியபோது, பல படங்களின் மூலையில் சிதைந்த கையெழுத்துபோல் ஏதோ கிறுக்கல் இருப்பதை ஓவியர்கள் சுட்டிக்காட்டினார்கள். அது எந்தத் தனி ஓவியரின் கையெழுத்தும் அல்ல. ஓவியத்தின் மூலையில் கையெழுத்து இருக்கும் என்று கருவி கற்றிருந்ததன் தடம் அது. எத்தனை கைகளின் உழைப்பைப் படித்து அந்தக் கருவி உருவானது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொன்னால் உடனே வரும் மறுமொழி ஒன்று உண்டு: ஓவியர்கள் எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றவர்கள்தானே, ருட்கோவ்ஸ்கியே பழைய ஐரோப்பிய ஓவியர்களைப் பார்த்து வரைந்தவர்தானே?

இது நியாயமான கேள்வி. இதற்குக் குறுக்குவழியில் பதில் சொல்லக் கூடாது. பாணி யாருடைய சொத்தும் அல்ல. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், கருத்துக்கோ கருப்பொருளுக்கோ காப்புரிமை இல்லை, அது வெளிப்பட்டிருக்கும் குறிப்பிட்ட வடிவத்துக்கே உண்டு என்று தெளிவாக்கியது. உலகின் பெரும்பாலான நாடுகளில் நிலைமை இதுவே. இது மாற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பாணிக்கு உரிமைப் பத்திரம் கொடுத்தால் முதலில் லாபம் அடைவது தனி ஓவியர் அல்ல, வழக்கறிஞர் படை வைத்திருக்கும் பெரிய ஸ்டுடியோக்கள்தான். கண் பெரிதாக வரைந்தாள் என்று கல்லூரி மாணவிக்கு நோட்டீஸ் வரும்.

ஆனால் கற்றுக்கொள்வது வேறு, பெயரைச் சொல்லி இழுப்பது வேறு. ஒருவரின் பாணியைப் பழகும் மாணவருக்கு ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் அவருடைய கையும் கண்ணும் அவரையே வேறு எங்கோ கொண்டுபோய்விடும். குருவைப் போலவே வரையத் தொடங்கியவர் தன்னைப் போல் வரைந்து முடிப்பார், முடிக்காவிட்டால் அவரை யாரும் மதிக்க மாட்டார்கள். அப்படி வந்தவர் குருவின் ஊரில் இன்னொரு ஓவியர். கருவியில் பெயரைத் தட்டும்போது இன்னொரு ஓவியர் உருவாவதில்லை. அதே பெயரின் கீழ், அதே வாடிக்கையாளருக்கு, ஒரே நாளில் ஆயிரம் படங்கள் உருவாகின்றன. மெங்கர்ட்டின் கண்ணுக்கு இன்னொன்றும் பட்டது. கருவி தன் தூரிகைத் தடத்தையும் நிறத்தையும் பிடித்துக்கொண்டது, ஆனால் தனக்கு வேலை கிடைப்பது அவற்றுக்காக மட்டுமல்ல என்றார். ஒரு குழந்தை எந்த நொடியில் எப்படித் திரும்பிப் பார்க்கும் என்று முடிவெடுப்பதுதான் அவருடைய தொழில். கருவி தருவது அந்த முடிவுகள் இல்லாத மேல்தோலை. ஆனால் அந்தத் தோலின்மேல் ஒட்டியிருப்பது அவர் பெயர்.

2025 மார்ச் 25 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் புதிய படமாக்கும் வசதியை வெளியிட்டது. அடுத்த சில நாட்களில் நம் ஊர்க் கைபேசிகளிலும் கல்யாணப் படம், கைக்குழந்தை, பழைய பள்ளிக்கூடக் குழுப் புகைப்படம் எல்லாம் ஜிப்லி ஸ்டுடியோ திரைப்படக் காட்சிகளாக மாறின. மாற்றியவர்களில் பெரும்பாலோர் அன்பினால்தான் மாற்றினார்கள். அம்மாவின் படத்தை அப்படிப் பார்த்துக் கண் கலங்கியவர்களின் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை.

அந்தக் கருவி தன் விதிப்படி, உயிரோடிருக்கும் தனி ஓவியரின் பாணியில் கேட்டால் மறுக்கும். பொதுவான ஸ்டுடியோ பாணியை அனுமதிக்கும். நிறுவனம் அப்போது கொடுத்த விளக்கமும் இதுதான். கேட்க ஒழுங்காகத் தோன்றும் இந்தக் கோடு ஜிப்லியிடம் வந்ததும் தடுமாறுகிறது. ஸ்டுடியோ என்பது கட்டடம் அல்ல, அதற்குள் இருப்பவர்கள் ஆட்கள். 1941இல் பிறந்த ஹயாவோ மியாசாகி இன்றும் இருக்கிறார். ஈரம் சொட்டும் கோடைப் பச்சையும், வானில் அடுக்கடுக்காக எழும் மேகமும் என்று நாம் நினைவில் வைத்திருக்கும் பின்னணிகளின் பெரும் பகுதிக்குக் காரணமானவர் கஸுவோ ஓகா என்ற ஓவியர். ‘தி விண்ட் ரைசஸ்’ படத்தில் கூட்டம் அலைமோதும் நான்கு நொடிக் காட்சி ஒன்றை வரைய எய்ஜி யாமாமோரி என்ற அனிமேட்டருக்கு ஓராண்டும் மூன்று மாதங்களும் ஆயின. தனி ஆளின் பெயரைச் சொன்னால் தவறு, அத்தனை பேர் சேர்ந்து உழைத்த இடத்தின் பெயரைச் சொன்னால் சரி என்பது எனக்குப் புரியவில்லை. கூட்டாக உழைத்ததாலேயே அவர்களின் உரிமை குறைந்துவிடுமா?

அந்த நாட்களில் மியாசாகியின் பழைய காணொளி ஒன்றும் பரவியது. செயற்கை நுண்ணறிவு ‘உயிருக்கே அவமதிப்பு’ என்று அவர் கடிந்துகொள்ளும் காட்சி. அது 2016இல் ஜப்பானியத் தொலைக்காட்சியான என்.எச்.கே. எடுத்த ஆவணப்படத்தில் வருவது. கணினி தானாக அசைக்கும், தலையைக் காலாக ஊன்றித் தவழும் கோர உருவம் ஒன்றை அவருக்குக் காட்டினார்கள். உடல் ஊனமுற்ற தன் நண்பரை நினைத்துக்கொண்டு அவர் சொன்ன சொல் அது. பாணி நகலைப் பற்றிச் சொன்னதல்ல. அவருடைய மற்றப் பேச்சுகளை வைத்து ஊகிக்கலாம்தான். ஆனால் ஒருவரின் பாணியை அனுமதியின்றி எடுக்காதீர்கள் என்று வாதாடும் நாம், அவர் சொல்லையும் இடம் மாற்றி எடுக்கக் கூடாது.

அதே மார்ச் மாத இறுதியில் நடந்த இன்னொன்றுதான் இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். அமெரிக்க வெள்ளை மாளிகையின் அதிகாரபூர்வ எக்ஸ் கணக்கில், குடியேற்றத் துறையினர் கைது செய்த ஒரு பெண் கைவிலங்கோடு அழும் காட்சி ஜிப்லி பாணிச் சித்திரமாக வெளியிடப்பட்டது. அவர் முன்பே போதைப்பொருள் கடத்தல் வழக்கில் தண்டனை பெற்றவர். அந்தக் கைது சரியா தவறா என்பதை விட்டுவிடுவோம். போரையும் அதிகாரத்தின் கொடுமையையும் எதிர்த்துப் படம் எடுத்தவர்கள், அழும் குழந்தைக்கும் அரக்கனுக்கும்கூட மரியாதை தந்து வரைந்தவர்கள் உருவாக்கிய கனிவு அது. அதை எடுத்து, பிடிபட்ட ஒருவரைப் பொதுவில் சிறுமைப்படுத்தும் படத்துக்குப் பூசினார்கள். இதில் காசு நட்டம் எதுவும் இல்லை, ஜிப்லிக்கு ஒரு வாடிக்கையாளரும் குறையவில்லை. ஆனாலும் பார்த்தவர்களில் பலருக்கு ஏதோ களவு போனதுபோல் இருந்தது. பாணிக்குள் வரைந்தவரின் மனப்பாங்கு குடியிருப்பதாக நாம் உணர்வதால்தான் அப்படித் தோன்றியது.

அமெரிக்கக் கார்ட்டூன் கலைஞர் சேரா ஆண்டர்சன் இதை முன்பே அனுபவித்தவர். தீவிர வலதுசாரிகள் அவருடைய சித்திரக் கதைகளில் இருந்த சொற்களை மாற்றி, இனவெறிச் செய்திகளை அவர் எழுதியதுபோல் பரப்பினார்கள். பல ஆண்டுகள் கழித்து, தன் பெயரைச் சொன்னாலே தன் கோட்டில் படம் தரும் கருவிகள் வந்தபோது, அதே கொடுமையை இனி யாரும் உழைப்பின்றிச் செய்யலாம் என்பதை அவர் உணர்ந்தார். 2023 ஜனவரியில் கெல்லி மெக்கெர்னன், கார்லா ஆர்டிஸ் ஆகிய ஓவியர்களோடு சேர்ந்து கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார். 2024 ஆகஸ்டில் நீதிபதி வில்லியம் ஓரிக், காப்புரிமை மீறல் குற்றச்சாட்டுகள் விசாரணைக்குத் தகுந்தவை என்று அனுமதித்தார். அவற்றோடு, மிட்ஜர்னி நிறுவனத்துக்கு எதிராக இன்னொரு குற்றச்சாட்டையும் அவர் தள்ளுபடி செய்யவில்லை. அந்நிறுவனத்தின் தலைவர் தம் கருவி பின்பற்றக்கூடிய 4,700க்கும் மேற்பட்ட ஓவியர்களின் பெயர்ப் பட்டியலைப் பயனர்களிடையே பகிர்ந்திருந்தார். பட்டியலில் பெயர் இருப்பதைப் பார்ப்பவர், அந்த ஓவியர்களே இதற்கு ஒப்புதல் தந்ததாக எண்ணிவிடலாம் என்பது ஓவியர்களின் வாதம். அதற்கும் இடம் உண்டு என்று நீதிபதி கருதினார். பாணிக்குச் சொந்தம் இல்லை, ஆனால் பெயருக்கு உண்டு என்ற எண்ணம் நீதிமன்றத்திலும் இப்படி நுழைந்தது.

இன்னொரு மனிதரை இந்த உரையாடலில் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். புகைப்படம் எடுத்தவர். லின் கோல்ட்ஸ்மித் 1981இல் பாடகர் பிரின்ஸைப் படம் பிடித்தார். 1984இல் ஒரு பத்திரிகை, ஓவியம் வரைய மாதிரியாக ஒரே ஒரு முறை பயன்படுத்துவதற்கென்று 400 டாலர் கொடுத்து அந்தப் புகைப்படத்தை வாங்கியது. வரைந்தவர் ஆண்டி வார்ஹோல். அவர் அதோடு நிறுத்தாமல் அதே புகைப்படத்திலிருந்து ஒரு வரிசையே செய்துவிட்டார். 2016இல் பிரின்ஸ் மறைந்தபோது அவற்றில் ஒன்றை வெளியிட, வார்ஹோல் அறக்கட்டளைக்கு ஒரு பதிப்பகம் 10,000 டாலர் தந்தது. கோல்ட்ஸ்மித்துக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வார்ஹோலைப் போன்ற பெருங்கலைஞர் கைவைத்து மாற்றியதே புகைப்படக் கலைஞரின் உரிமையைத் துடைத்துவிடவில்லை என்றால், கருவி மாற்றியது எப்படித் துடைக்கும்?

இந்தியச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஃபோட்டோகிராபரோடு போட்ட ஒப்பந்தத்தை மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இணையத்தில் கிடைத்த நடிகர் படமோ, தெருவில் யாரோ ஒரு பாட்டியை எடுத்த விருதுப் படமோ அப்படியல்ல. அங்கே ஒரே கட்டளையில் இரண்டு கலைஞர்களிடமிருந்து எடுக்கிறோம், அதோடு படத்தில் இருப்பவரிடமிருந்தும்.

இனி ஒரு சாதாரணத் தேவையை எடுத்துக்கொள்வோம். திருமண அழைப்பிதழுக்கு மணமக்களின் புகைப்படத்தைச் சித்திரமாக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்து பிழைக்கும் ஓவியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்த ஓர் ஓவியரின் கோடு மணமகளுக்குப் பிடித்துவிட்டது. அவருடைய நான்கைந்து படங்களைத் தரவிறக்கி, தங்கள் புகைப்படத்தோடு சேர்த்துக் கருவியில் ஏற்றி, இதேபோல் செய் என்று சொல்ல முடியும். பெயரையே எழுதாததால் எந்த விதியும் தடுக்காது. ஆனாலும் நான் யோசித்துப் பார்த்த எல்லாவற்றிலும் தெளிவாகத் தவறு என்று சொல்லத்தக்கது இதுதான். ஏனென்றால் அந்த ஓவியர் விற்பது சரியாக இதே பொருளை. அவரிடம் போயிருக்க வேண்டிய வேலை, அவருடைய படங்களைக் கொண்டே, அவரைத் தாண்டிப் போகிறது. உலகப் புகழ்பெற்ற ஸ்டுடியோவுக்கு நேராத நட்டம் இவருக்கு நேர்கிறது. புகழ் குறைந்தவரின் பாணியை எடுத்தால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் வரலாம். தெரியாமல் போவதுதான் அவருக்கு நேரும் கூடுதல் தீங்கு.

அவருக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்பதுதான் முதல் வழி. பட்ஜெட் இவ்வளவுதான் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். முழு உருவத்துக்குப் பதில் முகம் மட்டும் போதும் என்று கேட்கலாம். சிலர், நீங்களே கருவியில் செய்துகொள்ளுங்கள், அதற்கு இவ்வளவு கொடுங்கள் என்றுகூடச் சொல்லலாம். அவர் வரைந்து தந்தால், காசு கொடுத்து வரையச் சொன்னவர் என்ற முறையில், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தச் சித்திரத்தின் காப்புரிமையும் உங்களுடையதே. வரைந்தது இவர்தான் என்று உரிமை கோரவும், தம் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் மட்டும் 57ஆம் பிரிவின்படி அவருக்கு உரிமை நிற்கும். கருவி தரும் படத்தில் இந்தத் தெளிவு எதுவும் இல்லை.

கருவியே போதும் என்று முடிவு செய்தால், ஆளைச் சொல்லாமல் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லுங்கள். ‘நீர்வண்ணம், மெல்லிய பழுப்பு மைக்கோடு, பின்னால் மாலை வெயில், புடவை நிறம் மாறக் கூடாது, தோல் நிறம் புகைப்படத்தில் உள்ளபடி’ என்று எழுதலாம். இதில் ஒரு நேர்மைச் சோதனை இருக்கிறது. இப்படி விவரிப்பது ஒருவரின் பெயரைச் சுற்றிவளைத்துச் சொல்லும் தந்திரமாகவும் ஆகிவிடலாம். வந்த படத்தை அந்த ஓவியரைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ‘இவர் வரைந்ததா?’ என்று அவர் கேட்டால், பெயரை எழுதாவிட்டாலும் நீங்கள் கேட்டு வாங்கியது அவரைத்தான். எப்போதோ மறைந்த ஓவியர்களும், பல தலைமுறைகள் சேர்ந்து வளர்த்த பொது மரபுகளும் ஓரளவு வேறு. ஆனால் தஞ்சாவூர் ஓவியம்போல் இன்றும் குடும்பங்கள் பிழைக்கும் மரபு என்றால், அழைப்பிதழில் ‘தஞ்சாவூர் ஓவியம்’ என்று அச்சிடுவதற்கு முன் நின்று யோசிக்க வேண்டும்.

ஓவியர்கள் தற்காப்புக்குத் தேடும் வழிகளும் இருக்கின்றன. 2023இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பென் ஜாவோ குழு வெளியிட்ட ‘கிளேஸ்’ என்ற இலவச மென்பொருள், கண்ணுக்கு எளிதில் தெரியாத மாற்றங்களைப் படத்தில் சேர்க்கிறது. அதைப் படிக்கும் கருவிக்கு அது வேறு யாருடைய பாணியாகவோ தோன்றும். இது நிரந்தரப் பூட்டு அல்ல என்று அந்தக் குழுவே சொல்கிறது. ஏற்கெனவே இணையத்தில் போய்விட்ட பழைய படங்களுக்கும் இது உதவாது. அதிலும், வரைந்து முடித்த பிறகு ஒவ்வொரு படத்தையும் இப்படிக் காக்க வேண்டிய வேலையும் ஓவியர் தலையில்தான் விழுகிறது.

அழைப்பிதழ் கேட்ட அந்த ஜோடிக்கு ஓவியர், ‘என் படங்களைக் கருவியில் போடாதீர்கள்’ என்று பதில் எழுதலாம். அல்லது அடுத்த மாதம்வரை நேரம் இல்லை என்று எழுதலாம். இரண்டாவது பதில் வந்தால் தேதியைப் பார்த்துக் காத்திருக்கலாம், வேறு ஓவியரைத் தேடலாம், வேறு பாணியில் கருவியிடம் கேட்கலாம். முதல் பதில் வந்தால் அந்த நான்கைந்து படங்களைக் கைபேசியிலிருந்து அழித்துவிட்டு மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும்.